ரேங்க் 3 இரண்டு பேருக்கு, 4 யாருக்கும் இல்லை: எக்செல்லில் வகுப்பு ரேங்க் பட்டியல் போடுவது எப்படி

காலாண்டுத் தேர்வு மதிப்பெண்களை எக்செல்லில் ஏற்றிவிட்டு, மொத்தத்துக்குப் பக்கத்தில் RANK போட்டு இழுத்துவிட்டால் ஒரு நிமிடத்தில் ரேங்க் வந்துவிடும். அதைப் பார்த்தவுடன் வரும் முதல் சந்தேகம், இரண்டு பேருக்கு 3 என்று இருக்கிறதே, 4 எங்கே போனது என்பதுதான். அடுத்த சந்தேகம் கொஞ்சம் தாமதமாக வரும். கணக்கில் தோற்ற பையனுக்கு எப்படி ரேங்க் வந்தது? முதலாவது RANK-இன் இயல்பு, அதில் பிழை எதுவும் இல்லை. இரண்டாவதை நாம்தான் சொல்லித் தடுக்க வேண்டும்.

மாநில அளவில் பொதுத்தேர்வு முதலிடங்களை அறிவிக்கும் வழக்கத்தைத் தமிழ்நாட்டில் 2017-இல் நிறுத்திவிட்டார்கள். ஆனாலும் வகுப்புக்குள் நடக்கும் தேர்வுகளுக்கு ரேங்க் போடும் வழக்கம் பல பள்ளிகளில் இருக்கிறது. அப்படிப் போடுவது என்றால் சரியாகப் போடுவோம். இங்கே எடுத்துக்கொள்வது பத்தாம் வகுப்புக்கான ஒரு சின்ன மாதிரிப் பட்டியல். பத்துப் பேர், ஐந்து பாடம், பாடத்துக்கு 100 மதிப்பெண், தேர்ச்சிக்கு 35. பெயர்கள் கற்பனை. உங்கள் வகுப்பில் 45 பேர் இருந்தால் சூத்திரத்தில் 11 என்று வரும் இடத்தில் எல்லாம் 46 என்று போட்டுக்கொள்ளுங்கள்.

## முதலில் தாளைச் சுத்தமாக வையுங்கள்

முதல் வரிசை தலைப்புக்கு. A-வில் வரிசை எண், B-யில் பெயர், C முதல் G வரை ஐந்து பாடங்கள், H-இல் மொத்தம். இரண்டாவது வரிசையிலிருந்து மாணவர்கள்.

| எண் | பெயர் | தமிழ் | ஆங்கிலம் | கணிதம் | அறிவியல் | சமூக அறிவியல் | மொத்தம் |
|---|---|---|---|---|---|---|---|
| 1 | அகிலா | 92 | 88 | 95 | 90 | 93 | 458 |
| 2 | பாலமுருகன் | 85 | 79 | 98 | 88 | 86 | 436 |
| 3 | தேவி | 90 | 91 | 78 | 87 | 90 | 436 |
| 4 | எழில் | 88 | 84 | 31 | 92 | 90 | 385 |
| 5 | ஃபாத்திமா | 94 | 90 | 96 | 95 | 92 | 467 |
| 6 | கோகுல் | 70 | 62 | 74 | 68 | 75 | 349 |
| 7 | ஹரிணி | 81 | 77 | 80 | AB | 84 | 322 |
| 8 | ஜான்சன் | 82 | 80 | 84 | 83 | 83 | 412 |
| 9 | கவிதா | 86 | 75 | 82 | 79 | 90 | 412 |
| 10 | மணி | 80 | 81 | 88 | 85 | 78 | 412 |

பள்ளியின் பெயர், வகுப்பு, பிரிவு, தேர்வின் பெயர் எல்லாவற்றையும் மேலே பெரிதாக, செல்களை ஒன்றாக இணைத்துப் போடும் ஆசையை இந்தத் தாளில் விட்டுவிடுங்கள். அதெல்லாம் அச்சடிக்கும் தாளில் வரட்டும். தரவுக்கு நடுவே இணைத்த செல் ஒன்று இருந்தாலும், பிறகு Sort செய்யும்போது, இணைத்த செல்கள் எல்லாம் ஒரே அளவில் இருக்க வேண்டும் என்று எக்செல் சண்டைக்கு வரும்.

H2-வில் மொத்தம்:

```
=SUM(C2:G2)
```

தேர்வு எழுதாதவருக்கு AB என்று போட்டிருக்கிறோம். SUM எழுத்தைக் கண்டுகொள்ளாது என்பதால் ஹரிணிக்கு மீதி நான்கு பாடங்களின் கூட்டல், அதாவது 322, வரும். இங்கே ஒரு ஆபத்தும் ஒளிந்திருக்கிறது. வாட்ஸ்அப்பிலோ பிடிஎஃப்பிலோ வந்த மதிப்பெண்ணை ஒட்டும்போது, பார்க்க 83 என்று இருக்கும், ஆனால் எக்செல் அதை எழுத்தாக வைத்திருக்கும். SUM அதையும் விட்டுவிடும். ஜான்சனின் அறிவியல் 83 இப்படி வந்தால் அவருடைய மொத்தம் 412-க்குப் பதில் 329 ஆகிவிடும். பிழைச் செய்தி எதுவும் வராது, ரேங்க் மட்டும் சத்தமில்லாமல் சரிந்துவிடும்.

கண்டுபிடிக்க ஒரு வழி: எண் என்றால் செல்லின் வலப்பக்கம் ஒட்டி நிற்கும், எழுத்து என்றால் இடப்பக்கம். எல்லாவற்றையும் நடுவில் நிறுத்தி வைத்திருந்தால் இது தெரியாது. அதனால் ஓரமாக, P2-வில், தற்காலிகமாக இதைப் போட்டு கீழே இழுங்கள்:

```
=5-COUNT(C2:G2)-COUNTIF(C2:G2,"AB")
```

எல்லா வரிசையிலும் 0 வர வேண்டும். 1 வந்தால் அந்த மாணவரின் ஏதோ ஒரு மதிப்பெண் எழுத்தாக இருக்கிறது, அல்லது விடுபட்டிருக்கிறது, அல்லது AB-யை யாரோ A என்று மட்டும் அடித்திருக்கிறார்கள். எழுத்தாக இருந்தால் அந்தப் பாடத்தின் நெடுவரிசை முழுவதையும் தேர்ந்தெடுத்து, Data, Text to Columns, Finish என்று அடுத்தடுத்துச் சொடுக்கினால் பெரும்பாலும் எண்ணாக மாறிவிடும். மாறாவிட்டால் திரும்ப அடித்துவிடுவதுதான் வேகமான வழி. அப்படியே ஒரு வெற்றுச் செல்லில் =MAX(C2:G11) போட்டுப் பாருங்கள். 88-ஐ 880 என்று அடித்திருந்தால் அது அங்கே பல்லைக் காட்டும்.

## RANK உண்மையில் என்ன எண்ணுகிறது

சரி, இப்போது RANK. I2-வில் சோதனைக்காக இதை அடித்து I11 வரை இழுங்கள்:

```
=RANK(H2,H$2:H$11,0)
```

முதலில் இருப்பது யாருடைய மொத்தம் என்பது. இரண்டாவது, எந்தப் பட்டியலோடு ஒப்பிட வேண்டும் என்பது. கடைசி 0 என்றால் அதிக மதிப்பெண்ணுக்கு முதலிடம். அதை எழுதாமல் விட்டாலும் அதே அர்த்தம்தான். 1 போட்டால் குறைந்த மதிப்பெண்ணுக்கு முதலிடம் வந்துவிடும், அது ஓட்டப் பந்தய நேரத்துக்குத்தான் சரிப்படும்.

$ குறியை மறந்துவிடாதீர்கள். அது இல்லாமல் இழுத்தால் ஒப்பிடும் பட்டியலும் ஒவ்வொரு வரிசையாகக் கீழே நகரும். கடைசி மாணவருக்குப் போகும்போது பட்டியலில் அவர் ஒருவர்தான் இருப்பார், எனவே அவருக்கு ரேங்க் 1. கடைசி வரிசையில் 1 என்று பார்த்தால் வேறு எதையும் தேடாமல் நேராக $-ஐப் பாருங்கள்.

நம் பட்டியலில் இப்போது வரும் விடை: ஃபாத்திமா 1, அகிலா 2, பாலமுருகனும் தேவியும் 3, ஜான்சன், கவிதா, மணி மூவரும் 5, எழில் 8, கோகுல் 9, ஹரிணி 10.

நான்கு ஏன் இல்லை? RANK ஒவ்வொருவருக்கும் ஒரே ஒரு கேள்விதான் கேட்கிறது: இவரைவிட அதிகம் வாங்கியவர்கள் எத்தனை பேர்? அந்த எண்ணிக்கையோடு ஒன்றைக் கூட்டிக் கொடுக்கிறது, அவ்வளவுதான். தேவியைவிட அதிகம் வாங்கியவர்கள் இரண்டு பேர், எனவே 3. பாலமுருகனுக்கும் அதே இரண்டு பேர், எனவே 3. ஜான்சனுக்கு மேலே நான்கு பேர் இருக்கிறார்கள், எனவே 5. தனக்கு மேலே சரியாக மூன்று பேர் இருப்பவர் என்று யாரும் இல்லாததால் 4 பிறக்கவே இல்லை. அதே காரணத்தால் 6, 7 இரண்டும் இல்லை. நம்பாவிட்டால் பக்கத்து நெடுவரிசையில் இதைப் போட்டுப் பாருங்கள், எழுத்துக்கு எழுத்து அதே விடை வரும்:

```
=COUNTIF(H$2:H$11,">"&H2)+1
```

எக்செல் 2010 முதல் RANK.EQ, RANK.AVG என்று இரண்டு வந்திருக்கின்றன. RANK.EQ என்பது பழைய RANK-தான், பெயர் மட்டும் புதிது. RANK.AVG போட்டால் சமமாக வந்தவர்களுக்குச் சராசரி இடம் கிடைக்கும்: பாலமுருகனுக்கும் தேவிக்கும் 3.5. புள்ளியியலில் அதற்கு வேலை இருக்கிறது. ஒரு பிள்ளையிடம் போய் ‘நீ மூன்றரையாவது ரேங்க்’ என்று சொல்ல முடியாது. பழைய RANK இன்றும் வேலை செய்கிறது, கூகுள் ஷீட்ஸிலும் லிப்ரே ஆபிஸிலும் அப்படியே ஓடும், அதனால் இங்கே அதையே வைத்துக்கொள்கிறேன்.

## தோற்றவரை வெளியே எடுப்பது

மேலே உள்ள விடையில் எழில் 8, கோகுல் 9. எழில் கணிதத்தில் 31. கோகுல் எல்லாப் பாடத்திலும் தேறியிருக்கிறார், ஆனால் மொத்தம் குறைவு. ஒரு பாடத்தில் போனாலும் ரேங்க் கிடையாது என்பது உங்கள் பள்ளியின் வழக்கம் என்றால், எழிலின் செல்லில் இருக்கும் 8-ஐ அழித்தால் மட்டும் போதாது. கோகுலுக்கு 9 அப்படியே நிற்கும். அவருக்கு மேலே ரேங்க் பெற்றவர்கள் ஏழு பேர்தான், அவர் எட்டாவது. கையால் அழித்து முடித்த பட்டியல்களில் இந்த மாதிரி ஓட்டை நிறையவே இருக்கும், கீழ்ப்பாதியை யாரும் எண்ணிப் பார்ப்பதில்லை என்பதால் வெளியே தெரிவதில்லை.

சரியான வழி, ஒப்பிடும் பட்டியலிலிருந்தே அவர்களை எடுத்துவிடுவது. சோதனைக்குப் போட்ட I நெடுவரிசையையும் COUNTIF-ஐயும் அழித்துவிட்டு, I2-வில் தேர்ச்சி நிலை:

```
=IF(COUNTIF(C2:G2,">=35")=5,"P","F")
```

35-ம் அதற்கு மேலும் உள்ள எண்கள் ஐந்து இருந்தால் P, இல்லாவிட்டால் F. AB என்பது எண் இல்லை என்பதால் ஹரிணிக்குத் தனியாக எதுவும் செய்யாமலே F வந்துவிடும். பதினொன்றாம், பன்னிரண்டாம் வகுப்பு என்றால் ஆறு பாடம், 5-ஐ 6 ஆக்குங்கள், நெடுவரிசைகளையும் ஒன்று தள்ளிக்கொள்ளுங்கள். செய்முறைக்கும் எழுத்துத் தேர்வுக்கும் தனித்தனிக் குறைந்தபட்ச மதிப்பெண் உண்டென்றால் இந்த ஒரு வரி போதாது, அந்த நிபந்தனைகளையும் AND வைத்துச் சேர்க்க வேண்டியிருக்கும்.

J2-வில், ரேங்கில் சேரத் தகுதியான மொத்தம்:

```
=IF(I2="P",H2,"")
```

K2-வில் ரேங்க்:

```
=IF(J2="","",RANK(J2,J$2:J$11,0))
```

ஒப்பிடும் பட்டியலில் எண் இல்லாத செல் இருந்தால் RANK அதைத் தாண்டிப் போய்விடும். எனவே எழிலும் ஹரிணியும் கணக்கிலேயே வரமாட்டார்கள். முன்னே இருக்கும் IF எதற்கு என்றால், எழுத்து இருக்கும் செல்லுக்கே ரேங்க் கேட்டால் #VALUE! வரும், அதைத் தவிர்க்க. இப்போது கோகுலுக்கு 8. பட்டியல் 1, 2, 3, 3, 5, 5, 5, 8 என்று நிற்கிறது.

## விட்டுப்போன எண்ணை நிரப்ப வேண்டுமா?

இது எக்செல் முடிவு செய்யும் விஷயம் இல்லை. சூத்திரத்தைத் தொடும் முன் தலைமையாசிரியரிடமோ தேர்வுப் பொறுப்பாளரிடமோ கேட்டுக்கொள்ள வேண்டியது. பட்டியல் வெளியான பிறகு முறையை மாற்றினால் பெற்றோரிடம் பதில் சொல்ல முடியாது.

என்னைக் கேட்டால், எண் விட்டுப்போகும் முறையே நேர்மையானது. ‘ரேங்க் 8’ என்றால் தனக்கு முன்னால் ஏழு பேர் இருக்கிறார்கள் என்று கோகுலுக்கும் அவர் வீட்டுக்கும் உடனே புரியும். விடாமல் எண்ணினால் கோகுலுக்கு 5 வரும். தேறிய எட்டுப் பேரில் கடைசியாக இருப்பவருக்கு ஐந்தாம் ரேங்க். பெரிய வகுப்பில் சமமானவர்கள் நிறைய இருந்தால் இந்த இடைவெளி இன்னும் அகலும்.

இருந்தாலும் 1, 2, 3, 3, 4, 4, 4, 5 என்று தொடர்ச்சியாக வேண்டும் என்று கேட்கும் பள்ளிகள் உண்டு. அதற்கு இணையத்தில் SUMPRODUCT வைத்து ஒரு நீளமான சூத்திரம் சுற்றிக்கொண்டிருக்கிறது. அதை நம் J நெடுவரிசையின் மேல் அப்படியே ஒட்டினால் முதலிடத்தில் இருக்கும் ஃபாத்திமாவுக்கே ரேங்க் 2 வரும். காரணம், > குறி வைத்து ஒப்பிடும்போது எக்செல்லுக்கு எழுத்து எப்போதும் எண்ணைவிடப் பெரியது. J-யில் வெறுமையாகத் தெரியும் செல்களில் இருக்கும் "" என்பதும் எழுத்துதான், அது 467-ஐயும் மிஞ்சிவிடும்.

அதைவிட எளிய வழி ஒன்று இருக்கிறது. RANK மேலே இருக்கும் ஆட்களை எண்ணுகிறது என்று பார்த்தோம். ஒவ்வொரு மொத்தமும் ஒரே ஒரு முறை மட்டும் இருக்கும் பட்டியலை அதனிடம் கொடுத்தால், ஆட்களுக்குப் பதில் மொத்தங்களை எண்ணும். அந்தப் பட்டியலை L-இல் செய்வோம்:

```
=IF(J2="","",IF(COUNTIF(J$2:J2,J2)=1,J2,""))
```

இங்கே J$2:J2 என்பதில் முதல் 2-க்கு மட்டும்தான் $, இரண்டாவதற்கு இல்லை. கீழே இழுக்க இழுக்க அது J$2:J3, J$2:J4 என்று நீளும். ‘இதுவரை பார்த்ததில் இந்த மொத்தம் இதுதான் முதல் தடவையா?’ என்று கேட்கிறோம். பாலமுருகன் வரிசையில் 436 நிற்கும், தேவி வரிசையில் வெறுமை. 412 ஜான்சனிடம் மட்டும் நிற்கும். அப்புறம் M2-வில்:

```
=IF(J2="","",RANK(J2,L$2:L$11,0))
```

தேவியின் 436 பாலமுருகன் வரிசையில் இருக்கிறது என்பதால் அவருக்கும் 3 சரியாகக் கிடைக்கும். ஜான்சன், கவிதா, மணிக்கு 4, கோகுலுக்கு 5.

முதல் மூன்று ரேங்குக்குப் பரிசு என்றால் எந்த முறையானாலும் இங்கே நான்கு பரிசு வாங்க வேண்டும், தொகையை ஒதுக்கும் முன் =COUNTIF(K2:K11,"<=3") போட்டுப் பார்த்துவிடுங்கள். முதல் ஐந்து ரேங்க் என்றால் K-யில் ஏழு பேர், M-இல் எட்டுப் பேர்.

## சமமே வரக்கூடாது என்றால்

ஒரே ஒரு கேடயம்தான் இருக்கிறது, இரண்டு பேருக்குக் கொடுக்க முடியாது என்ற நிலையும் வரும். அப்போது இரண்டாவதாக ஒரு அளவுகோல் வேண்டும். கணிதத்தில் அதிகம் வாங்கியவர் முன்னே என்று வைத்துக்கொண்டால்:

```
=IF(J2="","",RANK(J2,J$2:J$11,0)
 +COUNTIFS(J$2:J$11,J2,E$2:E$11,">"&E2))
```

தன்னோடு மொத்தத்தில் சமமாக இருந்து, கணிதத்தில் தன்னைவிட அதிகம் வாங்கியவர்கள் எத்தனை பேரோ அத்தனை இடம் கீழே இறங்குவார். பாலமுருகன் கணிதத்தில் 98, எனவே 3-இலேயே நிற்பார். தேவி 78, எனவே 4. மணி 88, ஜான்சன் 84, கவிதா 82 என்பதால் முறையே 5, 6, 7. கோகுல் 8. ஓட்டை இல்லாமல் ஒன்று முதல் எட்டு வரை வந்துவிட்டது.

கணிதத்திலும் சமம் என்றால் இருவரும் மறுபடி ஒரே எண்ணில் நிற்பார்கள். அடுத்து அறிவியல் என்று இன்னொரு COUNTIFS-ஐக் கூட்டலாம், அதில் கணிதம் சமம் என்ற நிபந்தனையையும் சேர்க்க வேண்டும். எங்கோ ஓரிடத்தில் நிறுத்தத்தான் வேண்டியிருக்கும். பொறியியல் கலந்தாய்விலேயே சமமாக வருபவர்களைப் பிரிக்கக் கடைசியில் சமவாய்ப்பு எண் வைத்திருக்கிறார்கள். வகுப்பு ரேங்குக்கு அந்த அளவுக்குப் போவது தேவையில்லை என்று நினைக்கிறேன். மொழிப்பாடத்தில் நன்றாகச் செய்த தேவியைக் கணிதத்தை வைத்துக் கீழே இறக்குவதற்கு நியாயம் சொல்வது கடினம்.

இன்னொரு இடத்திலும் சமம் குழப்பும். மொத்தத்துக்குப் பதில் சராசரியையோ, 25-க்கு மாற்றிய மதிப்பெண்ணையோ வைத்து ரேங்க் போட்டால், திரையில் இரண்டு பேருக்கும் 21 என்று தெரியும், ரேங்க் மட்டும் வேறாக வரும். உள்ளே 20.8-ம் 21.2-ம் இருக்கும். செல்லின் தோற்றத்தைச் சுருக்கினால் மதிப்பு சுருங்காது. =ROUND(…,0) என்று மதிப்பையே முழுமையாக்கிவிட்டு ரேங்க் போடுங்கள், அல்லது முழு எண்ணாக இருக்கும் மொத்தத்தையே வைத்துக்கொள்ளுங்கள்.

## ஒட்டும் பட்டியல்

அச்சுக்குப் போகும் முன் ஒரு சரிபார்ப்பு. K-யில் இருக்கும் ரேங்குக்கு, இந்த இரண்டு விடையும் ஒன்றாக இருக்க வேண்டும்:

```
=COUNT(J2:J11)
=MAX(K2:K11)+COUNTIF(K2:K11,MAX(K2:K11))-1
```

முதலாவது தேறியவர் எண்ணிக்கை, இரண்டாவது கடைசி ரேங்கிலிருந்து கணக்கிட்டது. இங்கே இரண்டும் 8. ஒத்துப்போகாவிட்டால் ஏதோ ஒரு வரிசையில் சூத்திரத்தின் மேல் யாரோ கையால் எண் அடித்திருக்கிறார்கள், அல்லது வரம்பு கடைசி மாணவர் வரை நீளவில்லை. நடுவில் சேர்ந்த புது மாணவரைப் பட்டியலின் அடியில் சேர்த்தால் இது நடக்கும், 11 என்று நின்றுவிட்ட வரம்பு 12-ஐப் பார்க்காது. மேலே உள்ள இரண்டு சரிபார்ப்புச் சூத்திரங்களிலும் 11-ஐ 12 ஆக்கினால்தான் அது பிடிபடும்.

இனி புதுத் தாள் ஒன்றைத் திறந்து RankList என்று பெயரிடுங்கள். மதிப்பெண் தாளில் A1 முதல் K11 வரை நகலெடுத்து, புதுத் தாளில் Ctrl+Alt+V அழுத்தி Values தேர்ந்தெடுத்து ஒட்டுங்கள். சூத்திரம் வராது, விடைகள் மட்டும் வரும். அங்கே தலைப்பு வரிசையோடு முழுப் பகுதியையும் தேர்ந்தெடுத்து Data, Sort போய், முதலில் K நெடுவரிசை, Smallest to Largest. பிறகு Add Level சொடுக்கி இரண்டாவதாக வரிசை எண் நெடுவரிசை. ஒரே ரேங்கில் இருப்பவர்கள் வருகைப் பதிவேட்டு வரிசையில் நிற்பார்கள், யாரை ஏன் முதலில் எழுதினீர்கள் என்ற கேள்வி எழாது. ரேங்க் இல்லாதவர்கள் தாமாகவே அடியில் போய்விடுவார்கள்.

ரேங்க் நெடுவரிசையை மட்டும் தேர்ந்தெடுத்து Sort கொடுத்துவிடாதீர்கள். எக்செல் Expand the selection என்று கேட்கும். அதைப் படிக்காமல் மற்றதைச் சொடுக்கினால் ரேங்க் மட்டும் வரிசையாகிவிடும், பெயர்கள் அசையாது. அகிலாவுக்கு ரேங்க் 1 வந்திருந்தால் அதுதான் நடந்திருக்கிறது. உடனே Ctrl+Z.

தேவையில்லாத I, J நெடுவரிசைகளை நீக்கிவிட்டு, பள்ளியின் பெயரையும் தேர்வின் பெயரையும் மேலே இரண்டு வரிசை செருகி எழுதுங்கள். செல்களை இணைக்கும் ஆசையை இங்கே தீர்த்துக்கொள்ளலாம். தேறாதவர்களின் பெயரையும் சேர்த்து ஒட்டுவதா என்பது உங்கள் முடிவு. நான் அவர்களை இந்தத் தாளில் வைப்பதில்லை, மதிப்பெண் அட்டையில் அவரவருக்குத் தெரிந்தால் போதும்.

விடைத்தாள் கொடுத்த பிறகு ‘கூட்டல் தப்பு சார், எனக்கு இரண்டு மார்க் வரணும்’ என்று யாராவது வருவார்கள். அந்தத் திருத்தத்தை RankList-இல் செய்யாதீர்கள், அங்கே இருப்பது உயிரில்லாத எண்கள். மதிப்பெண் தாளில் பாட மதிப்பெண்ணைத் திருத்துங்கள். மொத்தம், தேர்ச்சி, எல்லோருடைய ரேங்கும் அங்கே தாமாக மாறும். கவிதாவுக்கு இரண்டு கூடி 414 ஆனால் அவர் 5-இலேயே இருப்பார், ஜான்சனும் மணியும் 6-க்கு இறங்குவார்கள். அதன் பிறகு RankList-ஐ அழித்து, மறுபடி நகலெடுத்து ஒட்டி, Sort செய்து, தாளின் மூலையில் திருத்திய தேதியைப் போடுங்கள்.